முதல் கிளினிக் பதிவு: மிட்வைப் எழுதுவதும் வி.ஓ.ஜி. வாசிப்பதும் ஒன்றாக இருக்க (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

“அட்டையில ‘ஹை ரிஸ்க்’ எண்டு சிவப்பில எழுதித்தானே வி.ஓ.ஜி.யிட்ட அனுப்புறம். அதுக்கு மேல என்ன எழுதோணும்?”

எதற்கு ரிஸ்க் என்பதை எழுத வேண்டும். அந்த இரண்டு சொல்லும் வாசிக்கிற ஆளைப் பொறுத்து மாறும். வீட்டுக்கு வீடு போகிற குடும்பநல உத்தியோகத்தருக்கு அது “இந்தத் தாயை அடிக்கடி பார்க்கவேண்டும்” என்று பொருள்படும். எம்.ஓ.எச். கிளினிக் டாக்டருக்கு “ஆஸ்பத்திரிக்கு அனுப்பு” என்று பொருள்படும். ஆதார வைத்தியசாலையில் காலையில் எழுபது அட்டைகளைப் புரட்டுகிற மகப்பேற்று நிபுணரான வி.ஓ.ஜி.க்கோ அது ஒன்றுமே சொல்லாது, ஏனென்றால் அவரிடம் வருகிற அட்டைகளில் பெரும்பாலானவற்றில் அதே சிவப்பு எழுத்து இருக்கும்.

இலங்கையில் நமக்கு ஒரு வசதி உண்டு. எச் 512 அட்டையின் ஒரு பிரதி தாயின் கையில், மற்றது மிட்வைப்பின் கையில். கடிதம் தொலையலாம், அட்டை எப்படியும் தாயோடு வந்து சேரும். அதனால் முதல் வருகையில் எழுதுகிற வரியைப் பிரசவ அறை வரைக்கும் எல்லோரும் வாசிக்கிறார்கள். அந்த வரியில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: என்ன நடந்தது, அதனால் இந்தக் கர்ப்பத்தில் எதற்குப் பயப்படுகிறோம், எந்த வாரத்துக்குள் யார் என்ன செய்யவேண்டும். மூன்றாவதைத்தான் நாங்கள் வழமையாக விட்டுவிடுகிறோம்.

“முந்தின பிரசவத்தில பிரஷர் இருந்திருந்தா ‘பிஐஎச் பிளஸ்’ எண்டு போடுறம். டாக்டர்மாருக்கு அது விளங்கும்தானே?”

விளங்கும். ஆனால் எழுதியவர் நினைத்தது விளங்குமா என்பது வேறு கதை. நான் எம்.ஓ.எச். அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில் நானே எழுதிய ஓர் அட்டையைப் பிறகு ஆஸ்பத்திரி வோர்ட்டில் வைத்து வாசிக்க நேர்ந்தது. என் கையெழுத்தில் ‘பிஐஎச் பிளஸ்’ என்றிருந்தது. எவ்வளவு பிளஸ் என்று எனக்கே தெரியவில்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். விவரங்கள் பயிற்சிக்காகக் கோத்தவை, ஆனால் கிளினிக்கில் இருந்தவர்களுக்குப் பழகிய முகம்தான். தாய்க்கு 36 வயது, மூன்றாவது கர்ப்பம். கடைசி மாதவிடாய் 2025 மார்ச் 2. மே 7 புதன்கிழமை கிளினிக்குக்கு வருகிறார், 9 வாரமும் 3 நாளும். அட்டையில் இப்படி எழுதப்படுகிறது:

“ஜி3 பி1. 2016 சாதாரண பிரசவம், 1.6 கிலோ, பிஐஎச் பிளஸ். 2022 அபோர்ஷன். ஹை ரிஸ்க். வி.ஓ.ஜி. கிளினிக்குக்கு.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வாசிக்கிறவர் மனதில் என்ன படம் வரும்? சாதாரண பிரசவம், கடைசி நேரத்தில் கொஞ்சம் பிரஷர், சின்னப் பிள்ளை. அவசரமில்லை என்று 20 வாரத்துக்குத் திகதி கொடுப்பார்கள். இனி அதே தாயோடு பத்து நிமிடம் இருந்து கேட்டு எழுதினால்:

“2016: 33 வாரத்தில் பிரஷருக்காக மருந்து வைத்து வலி வரவழைத்த பிரசவம். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றப்பட்டது (டயக்னோசிஸ் கார்ட் பார்த்தேன்). பிள்ளை 1.6 கிலோ, மூன்று வாரம் குறைமாதப் பிள்ளைகள் வோர்ட்டில், இப்போது நலம். பிரசவத்துக்குப் பின் இரண்டு மாதம் பிரஷர் மாத்திரை. 2022: 10 வாரத்தில் கரு தானாகக் கலைந்தது, கர்ப்பப்பை சுத்தம் செய்யப்பட்டது.
பயம்: பிரீஎக்லம்சியா மீண்டும் வரலாம், இம்முறையும் நேரத்தோடு வரலாம்.
செய்யவேண்டியது: அஸ்பிரின் பற்றிய தீர்மானம் 12 வாரத்தில் (மே 25), பிந்தினாலும் 16 வாரத்துக்குள் (ஜூன் 22). வி.ஓ.ஜி. பார்க்கவேண்டிய கடைசித் திகதியும் அதற்கு முந்தியதே. அஸ்பிரினுக்கு ஒவ்வாமை, வயிற்றுப்புண், ஆஸ்துமா இல்லை என்று கேட்டறிந்தேன்.”

முந்தின கர்ப்பத்தில் பிரீஎக்லம்சியா போன்ற இரத்த அழுத்த நோய் இருந்தது என்ற ஒரே காரணமே, குறைந்த அளவு அஸ்பிரின் (நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம்) 12 வாரத்திலிருந்து கொடுக்கப் போதுமான காரணம். எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பது நிபுணரின் முடிவு. ஆனால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேரூன்றுகிற காலத்தில் தொடங்கினால்தான் அந்த மாத்திரைக்கு வேலை. 16 வாரத்துக்குப் பிறகு தொடங்கினால் கிடைக்கிற பலன் குறைவு. 20 வாரத்தில் நிபுணர் எவ்வளவு கவனமாக அட்டையை வாசித்தாலும் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

‘33’ என்ற எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடும் பிரீஎக்லம்சியாவால் 34 வாரத்துக்கு முன் பிரசவம் நடந்திருந்தால், இரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகிற அன்டிபொஸ்போலிப்பிட் நோய் இருக்குமா என்று நிபுணர் யோசிப்பார், அதற்கான இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். 38 வாரத்தில் பிரஷர் வந்த தாய்க்கு அந்த யோசனை எழாது. ‘பிஐஎச் பிளஸ்’ இந்த இரண்டு தாய்மாரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. ‘சாதாரண பிரசவம்’ என்பதும் அப்படித்தான். பிள்ளை யோனி வழியாகப் பிறந்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது, 33 வாரத்தில் வலியை வரவழைத்தார்கள் என்பதை அது மூடிவிடும்.

“அம்மாவுக்கு ஒண்டும் ஞாபகமில்ல மிஸ், டயக்னோசிஸ் கார்டும் இல்லையாம். என்னத்த எழுதுறது?”

“பிரீஎக்லம்சியா இருந்ததா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். அந்தச் சொல்லை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். பிள்ளை சொன்ன திகதிக்கு எவ்வளவு முந்திப் பிறந்தது? வலி தானாக வந்ததா, மருந்து வைத்தார்களா? சேலைனோடு உடம்பெல்லாம் சூடு ஏறினமாதிரி ஊசி போட்டார்களா? மக்னீசியம் ஏற்றிய தாய்மார் பலர் பிரஷரை மறந்தாலும் அந்தச் சூட்டை மறப்பதில்லை. பிள்ளையை உடனே கையில் தந்தார்களா, வேறு வோர்ட்டுக்குக் கொண்டுபோனார்களா? வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் மாத்திரை குடித்தீர்களா, எவ்வளவு காலம்? சில வேளை கூட வந்திருக்கிற தாயோ மாமியோ நமக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிடுவார். ஆனால் பழைய கர்ப்பங்களைப் பற்றிய கேள்விகளைத் தாயைத் தனியே வைத்துக் கேட்டு முடித்த பிறகுதான் அவர்களைக் கூப்பிடவேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிறகு, தெரிந்ததை எங்கிருந்து தெரிந்தது என்பதோடு எழுதுங்கள். “தாய் சொன்னது: எட்டு மாதத்தில் பிறந்தது. கார்ட் பார்க்கவில்லை.” நிபுணருக்கு இது பெரிய உதவி. டயக்னோசிஸ் கார்டைப் பார்த்து எழுதிய ‘33 வாரத்தை’ நம்பி அவர் முடிவெடுப்பார். தாய் சொன்ன ‘எட்டு மாதம்’ என்றால் அந்த ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்பார், அல்லது மோசமானதாகவே கருதிக்கொண்டு நடப்பார். இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் அந்தத் தெரிவு அவருக்கு இல்லாமல் போகும்.

“ஒரு வருத்தமும் இல்லாட்டி கோடு போட்டா காணாதா?”

கோட்டுக்கு மூன்று அர்த்தம் இருக்கிறது: ‘கேட்டேன், இல்லை’, ‘கேட்டேன், அவருக்குத் தெரியாது’, ‘கேட்கவில்லை’. எழுதிய உங்களுக்குத் தெரியும் எது என்று. வாசிக்கிறவர் எப்போதும் முதலாவதாகவே எடுப்பார். ‘இல்லை’ என்று எழுத இரண்டு விநாடி கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். கேட்காததை வெறுமையாக விடுங்கள், அடுத்தவர் நிரப்பட்டும்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது இதயப் பரிசோதனை. நம் நாட்டில் தாய்மார் இறக்கும் காரணங்களில் இதய நோய் முன்வரிசையில் இருக்கிறது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிய பெண், கர்ப்பமாகும் வரை ஒன்றும் தெரியாமல் வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் செய்துகொண்டிருப்பார். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கூடும்போதுதான் மூச்சு வாங்கும், அதையும் “பிள்ளைத்தாச்சிக்கு இது வழமைதானே” என்று சொல்லிவிடுவார்கள். முதல் வருகையில் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டே ஆகவேண்டும் என்பது அதனால்தான். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ‘இதயம் நோர்மல்’ என்று பழக்கத்தில் கை எழுதிவிடும். அந்த வரி ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த வருகைகளில் யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள். கேட்கவில்லையென்றால் ‘இதயம் இன்று கேட்கவில்லை, அடுத்த முறை’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“முதல் நாள் பிரஷர் 138/88. 140/90க்குக் கீழதானே, ‘நோர்மல்’ எண்டு போடலாமா?”

எண்ணைப் போடுங்கள். 140/90 என்று உருட்டவும் வேண்டாம், 130/80 என்று இறக்கவும் வேண்டாம். முதல் பிரஷரின் அருமை 30ஆவது வாரத்தில்தான் தெரியும்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இரத்த அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், கடைசி மூன்று மாதத்தில் மெல்லப் பழைய இடத்துக்கு ஏறும். முன்பே பிரஷர் உள்ள தாய்க்கும் 20 வாரத்தில் 118/74 வரலாம். 30 வாரத்தில் 146/94 வரும்போது நிபுணர் பின்னால் புரட்டிப் பார்ப்பார். முதல் வருகையில் 104/66 என்றிருந்தால் இது இந்தக் கர்ப்பத்தில் புதிதாக முளைத்தது, பிரீஎக்லம்சியாவாக இருக்கலாம் என்று அன்றே வோர்ட்டில் நிறுத்துவார். 138/88 என்றிருந்தால் பழைய பிரஷர் தலைகாட்டுகிறதா என்ற சந்தேகமும் சேரும். ‘நோர்மல்’ என்றிருந்தால் இரண்டில் எது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. 20 வாரத்துக்கு முன் அளந்த எண் வேறு எங்கும் கிடைக்காது.

அளந்த விதத்தையும் ஒரு சொல்லில் குறியுங்கள். தாய் பஸ்ஸில் இறங்கி ஓடி வந்திருந்தால் ஐந்து நிமிடம் உட்காரவிட்டு அளக்கவேண்டும். மேற்கை பருத்தவர்களுக்கு (சுற்றளவு 33 சென்ரிமீற்றருக்கு மேல்) சாதாரணப் பட்டியைக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடக் காட்டும். பெரிய பட்டி கிளினிக்கில் இல்லையென்றால் ‘சிறிய பட்டியால் அளந்தது’ என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு குறிப்பு ஒரு தாயைத் தேவையில்லாத வோர்ட் அனுமதியிலிருந்து காப்பாற்றலாம். சிறுநீரில் புரதம் பார்த்த பெறுபேறும் அதே வரியில் நிற்கட்டும். பின்னால் புரதம் தென்படும்போது, தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

“கடைசி மாதவிடாயின்படி ஒரு திகதி, ஸ்கேனில இன்னொரு திகதி. ரெண்டையும் எழுதி வைக்கலாம்தானே?”

இரண்டும் அட்டையில் இருக்கலாம், ஆனால் நடப்பில் இருப்பது ஒன்றுதான் என்று தெரியவேண்டும். நம் தாயின் மாதவிடாய்த் திகதிப்படி பிரசவம் டிசம்பர் 7. மே 23இல் எடுத்த ஸ்கேனில், 11 வாரம் 5 நாள் என்று எதிர்பார்த்த கரு 10 வாரம் 3 நாள் அளவில் இருக்கிறது என்று வைப்போம். வித்தியாசம் 9 நாள். இந்த வயதில் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் திகதியை எடுப்பது வழக்கம், ஆகவே டிசம்பர் 16.

பழையதைத் தனிக்கோட்டால் வெட்டி, புதியதை எழுதி, “10 வாரத்து ஸ்கேன்படி மாற்றப்பட்டது”, திகதி, கையொப்பம். அழித்துவிட வேண்டாம், பழையது வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். மிட்வைப்பின் பிரதியிலும் அதே நாளில் மாற்றவேண்டும், இங்கேதான் வழுக்குகிறது. தாயின் அட்டை ஆஸ்பத்திரியில் திருத்தப்படும், மிட்வைப்பின் பிரதி டிசம்பர் 7இலேயே நிற்கும். பிரஷர் காரணமாக 37 வாரத்தில் பிரசவம் என்று முடிவெடுத்தால் ஒருவர் கணக்கில் அது நவம்பர் 16, மற்றவர் கணக்கில் நவம்பர் 25. பிள்ளையின் நுரையீரலுக்கு அந்த ஒன்பது நாள் பெரிது.

நாலாம் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வருகிற ஸ்கேன்களைப் பார்த்துத் திகதியை இழுத்துக்கொண்டே போகக்கூடாது. அப்போது அளவு குறைவாக வந்தால் பிள்ளை வளரவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். திகதியைத் தள்ளினால் அந்த அடையாளத்தை நாங்களே மறைத்ததாகிவிடும். பிரீஎக்லம்சியாவுக்குப் பயப்படுகிற தாயில் இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் அதே நஞ்சுக்கொடிக் கோளாறுதான் பிள்ளையின் வளர்ச்சியையும் குறைக்கும்.

“அவ சனல் பண்ணித்தான் ஸ்பெஷலிஸ்ட்ட காட்டுறா. எங்கட அட்டையில ஒண்டும் இல்ல.”

தனியார் கிளினிக்கில் பார்த்த ஸ்கேனும் எழுதிக்கொடுத்த மருந்தும் வேறொரு கோப்பில், பெரும்பாலும் வீட்டு அலுமாரியில் இருக்கும். வலி வருகிற இரவில் அந்தக் கோப்பு வராது, அட்டை வரும். முதல் வருகையிலேயே “வேறு எங்கும் காட்டுகிறீர்களா, என்ன குடிக்கிறீர்கள்?” என்று கேட்டு மருந்துப் பட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அஸ்பிரின் ஏற்கனவே தொடங்கியிருந்தால் தொடங்கிய திகதியோடு அட்டையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் கொடுக்கப்படும், அல்லது மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

“சில விஷயம் எழுதினா வீட்டில வாசிச்சிடுவினம். அதுக்கு என்ன செய்யிறது?”

அட்டை தாயின் கையில் இருக்கிறது என்றால் கணவர், மாமியார், அயலில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை எல்லோர் கையிலும் இருக்கிறது என்று அர்த்தம். முந்திக் கலைத்த கர்ப்பம், எச்.ஐ.வி. பெறுபேறு, வீட்டில் விழுகிற அடி. இவற்றைத் தாயின் பிரதியில் எழுதக்கூடாது. சங்கேத எழுத்தாகவும் வேண்டாம், கிராமத்தில் எந்தச் சங்கேதமும் ஒரு வருடம்கூடத் தாங்காது.

ஆனால் நிபுணருக்குத் தெரியாமல் போகவும் கூடாது. மூடிய கடிதம், அல்லது டாக்டர் நேரடியாக எடுக்கிற தொலைபேசி அழைப்பு, இரண்டும் தாயின் சம்மதத்தோடு. தாயின் அட்டையில் “வி.ஓ.ஜி.யுடன் பேசப்பட்டது”, திகதி, பெயர் மட்டும். கலைத்த கர்ப்பத்தில் மருத்துவத்துக்கு வேண்டியது எப்படிக் கலைந்தது என்பதும், கர்ப்பப்பைக்குள் கருவி போனதா, அதன் பிறகு காய்ச்சலோ இரத்தப் பெருக்கோ வந்ததா என்பதும்தான். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்றத் தவிர வேறு காரணத்துக்குக் கலைப்பது குற்றம் என்பதால் தாய் மறைப்பது நியாயம். அதனால்தான் முதலில் தனியே கேட்கவேண்டும் என்றேன். அடி விழுகிற தாயை ஆஸ்பத்திரியிலுள்ள மித்துரு பியச நிலையத்துக்கு அனுப்பலாம், அந்தப் பெயரையும் அட்டையில் எழுதாமல்.

“நாங்கள் இவ்வளவும் எழுதி அனுப்பினாலும் அங்க இருந்து ‘சீன்’ எண்டு மட்டும் எழுதி வருது.”

இந்தக் குறை நியாயமானது. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்த பிறகு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். நீண்ட பத்தியைப் பார்த்தால் கிளினிக் நேரத்தில் யாரும் பதில் எழுதமாட்டார்கள், கேள்வியைப் பார்த்தால் எழுதுவார்கள். ஆகவே பரிந்துரையின் கடைசி வரியைக் கேள்வியாக முடியுங்கள்: “12 வாரத்தில் அஸ்பிரின் தொடங்கவா, எவ்வளவு? பிரஷர் எத்தனைக்கு மேல் போனால் அன்றே அனுப்ப? வளர்ச்சி ஸ்கேன் எந்த வாரங்களில்?” மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இடம் விடுங்கள்.

நம் தாய்க்கு அந்த இடத்தில் ஒரு மாத்திரை அளவு, ஒரு பிரஷர் எண், 28, 32, 36 என்று மூன்று எண்கள் எழுதப்பட்டு வந்தால் போதும், மிட்வைப் வீட்டுக்குப் போகும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்துகொண்டே போவார். பதில் வராமல் அட்டை திரும்பினால், 12 வாரம் தாண்டுவதற்குள் எம்.ஓ.எச். கிளினிக் டாக்டரைக்கொண்டு வோர்ட்டுக்குத் தொலைபேசியில் கேட்கச் சொல்லி, கிடைத்த பதிலையும் சொன்னவர் பெயரையும் இரண்டு பிரதியிலும் எழுதிவிடுங்கள்.